புழு நிறைய, தண்ணீர் இறங்கவில்லை: வாடிப்பட்டித் தென்னந்தோப்பில் ஒரு மண் ஆய்வு

வாடிப்பட்டிக்கு வடக்கே சிறுமலை அடிவாரத்தைப் பார்த்துப் போகும் செம்மண் நிலத்தில் இருக்கிறது அந்தத் தென்னந்தோப்பு. கிணற்றுப் பாசனம். நன்றாகக் காய்க்கிற பெரிய மரங்கள். முதுகலை மாணவர்களின் மண்ணுயிர் செய்முறை வகுப்புக்காக இடம் கேட்டுப் போனபோது தோப்புக்காரர் உடனே சம்மதித்தார். அவருக்கும் ஒரு கேள்வி இருந்தது.

"வட்டப் பாத்தியில தண்ணி கட்டுனா மறுநா காலையிலயும் நிக்குது. ஆனா மம்பட்டியப் போட்டா கொத்துக் கொத்தா புழு வருது. புழு இருந்தா மண்ணு பொலபொலன்னு இருக்கும்னுதான சொல்றாங்க, டீச்சரம்மா?"

நியாயமான கேள்வி. மாணவர்கள் எழுதி வைத்திருந்த கருதுகோளும் ஏறக்குறைய இதுதான்: மண்புழு அதிகம் உள்ள இடத்தில் தண்ணீர் வேகமாக இறங்கும். இந்தத் தோப்பில் அது தலைகீழாக இருந்தது. ஏன் என்று பார்த்ததுதான் இந்த ஆய்வு.

தோப்புக்குள் இரண்டு விதமான நிலம் உண்டு. ஒன்று மரத்தைச் சுற்றிய வட்டப் பாத்தி. அங்கே வருடம் முழுக்கத் தண்ணீர் பாய்கிறது. விழுகிற மட்டை, பாளை, பன்னாடை எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துப் பாத்தியைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். மற்றொன்று இரண்டு வரிசைக்கு நடுவில் உள்ள இடம். பொறுக்கிய மட்டைகளை அங்கே நீளவாக்கில் போட்டு வருகிறார்கள். அடியில் இருப்பது மக்கிப்போய், மேலே இருப்பது காய்ந்து கிடக்கிறது. அந்த இடத்துக்குப் பாசனம் கிடையாது, மழைத் தண்ணீர் மட்டும்தான். உழவு ஓட்டி வருடங்கள் ஆகிவிட்டன. இரண்டிலும் ஒரே செம்மண், ஒரே சரிவு. ஒப்பிட வசதியான இடம்.

முதலில் தண்ணீரைப் பார்த்தோம். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாயை வெட்டி, ஒரு பக்க விளிம்பைச் சீவி, மண்ணுக்குள் ஏழெட்டு சென்டிமீட்டர் இறங்கும்படி அடித்தோம். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து 440 மில்லி தண்ணீரை ஊற்றி, தாளை மெதுவாக உருவினால் குழாய்க்குள் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அது முழுக்க வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறிக்க வேண்டும். முதல் ஊற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. காய்ந்த மண் முதலில் உறிஞ்சிக்கொள்வதால் அந்த நேரம் மண்ணின் அமைப்பைச் சொல்லாது. இரண்டாவது ஊற்றுத்தான் கணக்கு. மட்டை கிடந்த இடத்தில் இரண்டாவது ஊற்று ஆறு ஏழு நிமிடத்தில் இறங்கியது. வட்டப் பாத்தியில் ஒரு மணி நேரம் கழித்தும் குழாய்க்குள் தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது. தோப்புக்காரர் சொன்னது வெறும் பேச்சில்லை.

அப்புறம் குழி. வெப்பமண்டல மண்ணுயிர்களை எண்ணுவதற்கு உலகெங்கும் ஒரே முறையைத்தான் பெரும்பாலும் கையாளுகிறார்கள்: 25 சென்டிமீட்டர் சதுரம், 30 சென்டிமீட்டர் ஆழம், 10 சென்டிமீட்டருக்கு ஓர் அடுக்காக மூன்று அடுக்கு மண். ஒரு கோட்டில் ஐந்து மீட்டர் இடைவெளியில் ஐந்து குழிகளாவது வேண்டும். உடல் அகலம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் உள்ளவை எல்லாம் இதில் சேரும்: மண்புழு, கரையான், எறும்பு, மரவட்டை, பூரான், வண்டுப் புழுக்கள், நத்தை, சிலந்தி. பாத்தியில் ஐந்து மரங்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றிலும் மரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் குழி போட்டோம். மட்டை வரிசையிலும் ஐந்து.

எப்போது தோண்டுகிறோம் என்பது எத்தனை தோண்டுகிறோம் என்பதைவிட முக்கியம். மதுரைப் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஓய்கிற டிசம்பர் கடைசிதான் சரியான காலம். ஏப்ரலில் தோண்டினால் பாசனம் இல்லாத நிலத்தில் ஒரு புழுவும் கிடைக்காது. இல்லை என்று எழுதிவிடக் கூடாது. அவை கீழே இறங்கி, உடலைச் சுருட்டிக்கொண்டு மண் உருண்டைக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு நிலமும் ஈரமாக இருக்கும் நாளில் தோண்டினால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். பாத்தி எப்போதும் ஈரம், மட்டை வரிசை மழைக்கு மட்டும் ஈரம் என்பதால், இந்தத் தோப்பில் கோடையில் எடுக்கும் கணக்கு பாத்திக்குச் சாதகமாகப் பொய் சொல்லும்.

இரும்புச் சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே கிடக்கும் சருகை முதலில் தனிப் பையில் அள்ள வேண்டும். அதில் ஓடுகிறவை வேகமானவை, விட்டால் போய்விடும். பிறகு சட்டத்தைச் சுற்றி வெளிப்பக்கம் ஒரு சாண் அகலத்துக்குப் பள்ளம் வெட்டினால் நடுவில் சதுர மண் தூண் நிற்கும். இதை நிதானமாகச் செய்வது தவறு. மம்பட்டி அதிர்வு பட்டதும் ஆழத்துக்குப் போகும் புழுக்கள் வளைவழியே இறங்கிவிடும். அதனால் குழிக்கு இரண்டு பேர், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டினார்கள். தூணை மேலிருந்து 10 சென்டிமீட்டர் அளவாகத் தட்டை மண்வெட்டியால் சீவி, அடுக்குக்கு ஒரு சாக்கில் போட்டு, நிழலுக்குக் கொண்டுபோனோம்.

ஓர் அடுக்கு ஆறேகால் லிட்டர் மண். எடையில் எட்டு ஒன்பது கிலோ. அதை வெள்ளைத் தட்டில் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, விரலால் உதிர்த்துப் பார்ப்பதுதான் கையால் பொறுக்கும் முறை. கட்டியைப் பிசையக் கூடாது, அதன் இயல்பான வெடிப்பில் பிளக்க வேண்டும். இதில் எண்ணிக்கை மட்டும் இல்லை, மண்ணின் அமைப்பும் கைக்கு வந்துவிடுகிறது. கட்டி எந்தத் தளத்தில் உடைகிறது, உள்ளே வளை எந்தத் திசையில் போகிறது, வளைச்சுவர் பளபளப்பாக இருக்கிறதா, அதற்குள் வேர் நுழைந்திருக்கிறதா என்பதெல்லாம் இந்த நேரத்தில் பார்த்தால்தான் உண்டு. எங்கள் மாணவர்களுக்கு நான் போட்ட விதி ஒன்றுதான்: புழுவை எடுத்த கையோடு, அது இருந்த கட்டியையும் பார்த்து ஒரு வரி எழுத வேண்டும்.

வெட்டுப்பட்ட புழு தவிர்க்க முடியாதது. தலைத் துண்டை மட்டும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும், எல்லாத் துண்டையும் எடையில் சேர்க்க வேண்டும். இது தெரியாமல் எண்ணினால் ஒரே புழு இரண்டாகிவிடும். கையால் பொறுக்குவதில் இன்னொரு பெரிய ஓட்டை, சிறியவை தவறிப்போவது. இளம்புழுவும் முட்டைக்கூடும் செம்மண்ணில் கண்ணுக்கே தெரியாது. எவ்வளவு தவறுகிறது என்பதை அறிய எளிய வழி உண்டு. ஒரு ஜோடி பொறுக்கி முடித்த மண்ணை, முடிவைச் சொல்லாமல் வேறு ஜோடியிடம் கொடுக்க வேண்டும். ஒரு தட்டில் முதல் ஜோடி ஒன்பது புழு எடுத்திருந்தது. அதே மண்ணில் இரண்டாவது ஜோடி இன்னும் இரண்டு எடுத்தது, இரண்டும் நூல் மாதிரி இளம்புழுக்கள். அப்படியானால் பெரியவற்றின் கணக்கை நம்பலாம், இளம்புழுக் கணக்கைக் குறைவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். குழியின் அடியில் கடுகுத்தூள் கரைத்த தண்ணீரை ஊற்றிக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் 30 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கியவை எரிச்சல் தாங்காமல் மேலே வரும். மட்டை வரிசையில் அப்படி மூன்று பெரிய புழுக்கள் வந்தன. அவற்றைத் தனியாக எழுதினோம், குழிக் கணக்கில் கலக்கவில்லை. பாத்தியில் ஒன்றும் வரவில்லை.

சரி, கணக்கு. பாத்தியின் ஐந்து குழிகளில் முறையே 19, 27, 22, 31, 16 மண்புழுக்கள். மொத்தம் 115, குழிக்குச் சராசரி 23. சட்டத்தின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு, அதனால் 16 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 368. மட்டை வரிசையில் 9, 4, 11, 7, 6. மொத்தம் 37, சதுர மீட்டருக்கு 118. பாத்தியில் மூன்று மடங்கு. எடையில் இந்த இடைவெளி குறைந்துவிட்டது: பாத்தியில் ஐந்து குழிக்கும் சேர்த்து 40 கிராம், மட்டை வரிசையில் 26 கிராம். அதாவது மட்டை வரிசைப் புழு ஒவ்வொன்றும் சராசரியில் இரண்டு மடங்கு கனம். எடை போடும்போது குடலுக்குள் இருக்கும் மண்ணும் சேர்ந்தே நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது. மண் தின்னும் இனங்களில் அது கணிசமான பங்கு.

எண்ணிக்கையும் எடையும் ஒரே திசையில் போகாதபோது, இனம் வேறு என்று சந்தேகப்பட வேண்டும். புழுக்களைக் கழுவி, நீர்த்த ஆல்கஹாலில் மயக்கி, ஃபார்மலினில் நிலைப்படுத்திக் கொண்டுபோய் லென்சுக்கு அடியில் வைத்தோம். இந்த வட்டாரத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது: உடல் வளையத்தைச் சுற்றி முடிகள் எப்படி இருக்கின்றன? வளையம் முழுக்கச் சுற்றிலும் நெருக்கமாக முடி, முன்பகுதியில் ஊதா சாயல், கழுத்துப்பட்டை 14 முதல் 17 ஆம் வளையம் வரை என்றால் அது லாம்பிட்டோ மௌரிட்டி. தமிழ்நாட்டுத் தோட்டங்களில் நாம் அதிகம் பார்க்கும் நம் ஊர்ப் புழு. வளையத்துக்கு எட்டே முடி, அதுவும் வால்பக்கம் வரிசை குலைந்து, ஒரு வளையத்தின் முடி அடுத்த வளையத்தின் இடைவெளிக்கு நேராக வரும்படி மாறி மாறி நின்றால் அது பாண்டோஸ்கோலெக்ஸ் கொரேத்ரூரஸ். வால்பக்கத்தை விரல்நுனியால் எதிர்த் திசையில் தடவினால் சொரசொரவென்று தெரியும். மாணவி ஒருத்தி லென்ஸ் இல்லாமலே இப்படித் தடவிப் பிரிக்கக் கற்றுக்கொண்டாள். நான் சரிபார்த்தபோது பெரிய புழுக்களில் ஒன்றைக்கூட அவள் மாற்றி வைத்திருக்கவில்லை.

பாத்தியின் 115 இல் 109 பாண்டோஸ்கோலெக்ஸ், ஆறு மட்டுமே லாம்பிட்டோ. மட்டை வரிசையின் 37 இல் லாம்பிட்டோ 21, பாண்டோஸ்கோலெக்ஸ் 10, மீதி ஆறு சருகுக்குள்ளேயே வாழும் செந்நிற மேற்பரப்புப் புழுக்கள்.

பாண்டோஸ்கோலெக்ஸ் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1857 இல் பிரிட்ஸ் முல்லர் பிரேசிலில் இதை விவரித்தார். செடித் தொட்டி மண்ணோடும் நாற்றோடும் வெப்பமண்டலம் முழுக்கப் பரவிவிட்டது. இணை இல்லாமலே இனம் பெருக்கும் என்பதால் ஒரே ஒரு புழு வந்து சேர்ந்தாலும் போதும். மண்ணைத்தான் தின்னும், மேலடுக்கிலேயே கிடைமட்டமாக ஊர்ந்து, தான் போன வழியைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொண்டு போகும். ஈரம் விடாமல் இருந்தால் வருடம் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கும். வாரம் தவறாமல் தண்ணீர் பாய்கிற வட்டப் பாத்தியில் அது கோடையிலும் உறங்க வேண்டியதில்லை.

பாத்தியில் மேல் 10 சென்டிமீட்டரில்தான் புழுக்களில் பெரும்பகுதி இருந்தது. அந்த அடுக்கின் கட்டி எப்படி உடைந்தது என்பதை ஏழு மாணவர்கள் தனித்தனியாக எழுதியிருந்தார்கள், எல்லோருடைய குறிப்பும் ஒன்றுபோலவே இருந்தது. கட்டி பெரியது, ஈரத்தில் களிபோல் ஒட்டுகிறது, பிளந்தால் உள்ளே இடைவெளி இல்லை. பிளந்த முகத்தைச் சாய்ந்த வெயிலில் பிடித்துப் பார்த்தால் வழவழப்பான உருண்டை விளிம்புகள் ஒன்றுக்குள் ஒன்று அமுங்கி ஒட்டியிருப்பது தெரிந்தது. அவை தனித்தனி எச்சங்கள். ஈரமாக இருக்கும்போதே அடுத்த எச்சம் மேலே விழுந்து, காய்ந்து பிரிய வழியில்லாமல் ஒன்றாகிவிட்டன. மட்டை வரிசையில் அதே அடுக்கு விரல் பட்டதும் பட்டாணி அளவுக் குருணையாக உதிர்ந்தது. லாம்பிட்டோவின் வளைகள் செங்குத்தாகக் கீழே போயின. இரண்டு வளைகளில் தென்னையின் மெல்லிய வேர் சுவரோடு ஒட்டி இறங்கியிருந்தது.

இது உலகத்துக்குப் புதிய செய்தி இல்லை. அமேசான் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய மனாஸ் நகர்ப்பக்கத்தில் இதே புழு இதையே பெரிய அளவில் செய்ததை ஷோவெல் குழுவினர் 1999 இல் வெளியிட்டார்கள். காட்டில் இருந்த பலவகை மண்ணுயிர்கள் போய், பாண்டோஸ்கோலெக்ஸ் மட்டும் பெருகியது. ஒரு வருடத்தில் ஹெக்டேருக்கு 100 டன்னுக்கும் மேல் எச்சம் போட்டது. மண்ணின் பெருந்துளைகள் அடைபட்டு, மழையில் தண்ணீர் தேங்கியது. அதே பகுதியில் பிறகு செய்த ஒரு சோதனையில், இறுகிய மேய்ச்சல் மண்ணின் கட்டிகளைக் காட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். காட்டின் உயிர்கள் ஒரு வருடத்திலேயே அதில் துளை போட்டு அமைப்பை மீட்டுவிட்டன. அதனால் புழு மண்ணை இறுக்கியது என்று சொல்வது பாதிக் கதைதான். இறுகியதைத் திரும்ப உடைக்கிறவர்கள் அங்கே இல்லை என்பது மீதிப் பாதி.

உடைக்கிறவர்கள் யார்? மட்டை வரிசையின் தட்டுகளில் அவர்கள் இருந்தார்கள். ஐந்து குழிகளில் 34 மரவட்டைகள். மட்டையின் நார்ப்பகுதியைக் கடித்துத் தூளாக்குவது அவற்றின் வேலை. அந்தத் தூள் மண்ணோடு கலந்துவிட்டால், புழு எச்சங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் நார் நிற்கும். மூன்று குழிகளில் கரையான். மட்டையின் அடிக்காம்பைச் செம்மண் பூச்சால் மூடி, உள்ளே தின்றுகொண்டிருந்தது. அது கீழிருந்து கொண்டுவந்த மண் மேலே பூச்சாகிறது, கொண்டுவந்த வழி துளையாக நிற்கிறது. எறும்பு எல்லாக் குழியிலும் இருந்தது. ஆனால் ஒரு குழியில் கூடே அகப்பட்டுவிட, அந்த ஒன்றில் மட்டும் 260, மற்ற நான்கில் சேர்த்து 22. இதைச் சராசரி எடுத்து 16 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 900 எறும்பு என்று வரும். அது அந்த நிலத்தைப் பற்றி எதையும் சொல்லாது. கூட்டமாக வாழ்கிறவற்றுக்கு எத்தனை குழியில் இருந்தது என்று எழுதுவதே சரி. மொத்தத்தில் மட்டை வரிசையில் 13 வகைக் குழுக்கள், பாத்தியில் ஐந்து. பாத்தியில் மரவட்டை ஒன்றுகூட இல்லை. தின்பதற்குச் சருகு இருந்தால்தானே வரும்.

பாத்தி மண் மிதிபட்டதாலும், தண்ணீர் கட்டியதாலும் இறுகியிருக்கலாம், புழுவைக் குறை சொல்வது ஏன் என்று ஒரு மாணவர் கேட்டார். சரியான கேள்வி. தண்ணீர் கட்டி மிதிபட்ட மண் பெரும்பாலும் தட்டுத் தட்டாகக் கிடைமட்டத்தில் பிளக்கும். எங்கள் கட்டிகள் உருண்டை விளிம்போடு பிளந்தன. இது ஒரு சாட்சி, முழு நிரூபணம் இல்லை. அதனால் கல்லூரியில் பிளாஸ்டிக் வாளிகளில் ஒரு சோதனை வைத்தோம். அதே தோப்பு மண்ணைச் சலித்து, ஒரே ஈரத்தில் எல்லா வாளியிலும் நிரப்பி, அடியில் வடிகால் துளை போட்டோம். சில வாளிகளில் மண் மட்டும். சிலவற்றில் பாண்டோஸ்கோலெக்ஸ் ஆறு. சிலவற்றில் அதே ஆறோடு, நறுக்கிய காய்ந்த மட்டையும் நான்கு மரவட்டையும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தண்ணீர். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, புழு மட்டும் இருந்த வாளிகளின் மேல்பரப்பு மெழுகியது மாதிரி ஆகியிருந்தது. ஊற்றிய தண்ணீர் புழு இல்லாத வாளியைவிட மெதுவாக இறங்கியது. மட்டையும் மரவட்டையும் சேர்ந்த வாளிகளில் மேல்பரப்பு குருணையாகவே நின்றது. வாளியில் வேர் இல்லை, மிதி இல்லை, வெயில் இல்லை. அதனால் தோப்பில் இறுக்கத்துக்குப் புழுவின் பங்கு எவ்வளவு, மிதியின் பங்கு எவ்வளவு என்று இதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. புழுவால் இது நடக்கக்கூடும், சருகு இருந்தால் தடுக்கப்படும் என்ற அளவுக்குச் சொல்லலாம்.

சத்துப் பக்கமும் கொஞ்சம். மண்புழு மண்ணைத் தின்னும்போது தன் குடலில் தண்ணீரும் சளியும் சேர்க்கிறது. அந்தச் சளியைத் தின்று மண்ணின் நுண்ணுயிர்கள் விழித்து வேலை செய்து, மற்றபடி கரையாத கரிமப் பொருளையும் உடைக்கின்றன. அதனால் புதிதாக விழுந்த எச்சத்தில் அம்மோனிய நைட்ரஜன் சுற்றியுள்ள மண்ணைவிட அதிகமாக இருக்கும். நாட்கள் போகப்போக அது நைட்ரேட்டாக மாறும். எச்சம் காய்ந்து இறுகினால் உள்ளே இருக்கும் கரிமப் பொருள் அடைபட்டு, சிதைவது மந்தமாகிவிடும். எனவே பாத்தியில் புழு நிறையச் சத்தை விடுவிக்கிறதுதான். ஆனால் அந்த நைட்ரேட் தண்ணீர் தேங்கிய, காற்றில்லாத மண்ணில் சிக்கினால் நுண்ணுயிர்கள் அதை வாயுவாக்கி மேலே அனுப்பிவிடும். இறுக்கமும் சத்தும் இப்படித்தான் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. இதை வகுப்பில் அளக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எச்சத்தைச் சாக்கில் போட்டு மறுநாள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் அம்மோனியம் அதற்குள் மாறிவிட்டிருக்கும். ஈரமாகப் பளபளக்கும் புது எச்சத்தை மட்டும் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே பொட்டாசியம் குளோரைடு கரைசலில் போட்டுவிட வேண்டும். வெயிலில் காயவைத்த எச்சத்தின் எண் எதற்கும் உதவாது.

முடிவைத் தோப்புக்காரரிடம் சொன்னபோது அவர் கேட்டது மட்டையைப் பற்றித்தான். "பாத்தியில மட்டையப் போட்டா காண்டாமிருக வண்டு வந்துரும், டீச்சரம்மா. குருத்தத் தொளச்சுப் போட்டா யாரு பதில் சொல்றது?" அவர் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. மட்டைக் குவியலின் அடியில் ஒரு குழியில் கட்டைவிரல் கனத்தில் வளைந்த வெள்ளைப் புழு ஒன்று கிடைத்திருந்தது. அதைப் பார்த்ததும் எல்லோருமே வண்டுப் புழு என்றுதான் நினைத்தார்கள். வெறும் தட்டில் விட்டுப் பார்க்கச் சொன்னேன். அது மல்லாந்து படுத்து, முதுகை வளைத்து வளைத்து முதுகாலேயே ஊர்ந்து போனது. அப்படி ஊர்வது பூவண்டு இனத்தின் புழு, மக்கியதைத் தின்று வாழ்வது. காண்டாமிருக வண்டின் புழு அப்படி முதுகால் போகாது, பக்கவாட்டில் சுருண்டே கிடக்கும். தோப்புக்காரர் தட்டைத் தன் பக்கம் இழுத்து, புழுவைக் குப்புறத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது மல்லாந்தது.

இதை வைத்து வண்டே வராது என்று சொல்லிவிட முடியாது. காண்டாமிருக வண்டு முட்டையிடுவது எருக்குழியிலும், மக்கிய தென்னந்தடியிலும், ஈரமாக மக்கிக் குவிந்த குப்பையிலும். ஆகவே மட்டையைக் குவிக்கக் கூடாது, நறுக்கி ஒரு அடுக்காகப் பரப்ப வேண்டும். தோப்பு ஓரத்தில் இருந்த எருக்குழியைத்தான் உண்மையில் கவனிக்க வேண்டும். அங்கே பச்சை மஸ்கார்டின் பூஞ்சையைக் கலந்துவிடுவது வழக்கமான முறை. கரையான் பயமும் கேட்டார். நாற்றாக இருக்கும் தென்னைக்குத்தான் அது ஆபத்து, அவர் மரங்கள் அந்த வயதைத் தாண்டியவை.

அவர் ஒப்புக்கொண்டது பன்னிரண்டு மரங்களுக்கு. ஆறு மரத்தின் பாத்தியில் நறுக்கிய மட்டை ஓர் அடுக்கு, ஆறில் இப்போது செய்வதுபோலவே சுத்தம். எது எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தோம். இது முன்பு செய்ததைவிட முக்கியமான திருத்தம். முதல் ஆய்வில் ஐந்து குழி என்றாலும் அவை ஒரே மட்டை வரிசையின் ஐந்து குழிகள். அந்த வரிசைக்கு வேறு ஏதாவது தனிக் குணம் இருந்தால் ஐந்தும் ஒன்றாக ஏமாற்றும். இப்போது ஒவ்வொரு மரமும் தனிக் கணக்கு. தண்ணீரையும் இரண்டு வகைப் பாத்திக்கும் ஒரே முறையில், ஒரே இடைவெளியில் கட்டச் சொல்லியிருக்கிறோம்.

அடுத்த எண்ணிக்கை வரும் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு. போன முறை தோண்டிய குழிகளில் கலைத்த மண் இன்னும் தளர்வாக இருக்கும், புழுக்கள் அங்கே கூடும். அதனால் பழைய குழி இருந்த மரங்களுக்கு எதிர்ப்பக்கத்தில், அதே ஒரு மீட்டர் தூரத்தில் புதுக் குழி. முதலில் மொத்த எண்ணிக்கையைப் பார்க்கப் போவதில்லை. லாம்பிட்டோவின் பங்கு கூடியிருக்கிறதா, மரவட்டை பாத்திக்குள் வந்திருக்கிறதா, இரண்டாவது ஊற்றுத் தண்ணீர் எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்ற மூன்றைத்தான் பார்க்க வேண்டும். பாண்டோஸ்கோலெக்ஸ் எண்ணிக்கை குறையாமல் இருந்தும் தண்ணீர் வேகமாக இறங்கினால், சருகும் அதோடு வந்த உயிர்களும் வேலை செய்கின்றன என்று பொருள். மட்டை போட்ட பாத்தியில் மரவட்டை வந்தும் தண்ணீர் நேரம் மாறவில்லையென்றால், கீழே 15 சென்டிமீட்டரில் கைக்குத் தட்டுப்பட்ட கெட்டி அடுக்கைத் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.